ரப்பரை மேலே இழுத்தது யார்?

சோமனூர் வட்டாரத்துப் பள்ளிகளில் அறிவியல் மன்றக் கண்காட்சி நடந்தால் ஏதாவது ஒரு மேசையில் அந்தப் பாட்டில் கட்டாயம் இருக்கும். அடிப்பாகம் வெட்டப்பட்ட குளிர்பான பாட்டில், மூடியில் செருகிய ஒரு குழாய், குழாயின் நுனியில் தொங்கும் பலூன், வெட்டிய அடிவாயில் இழுத்துக் கட்டிய ரப்பர்த் தாள். பக்கத்தில் சார்ட் பேப்பரில் விளக்கக் குறிப்பு: பாட்டில் என்பது மார்புக்கூடு, குழாய் என்பது மூச்சுக்குழல், பலூன் என்பது நுரையீரல், ரப்பர் என்பது உதரவிதானம். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் உப்பும், அது உட்சுவாசம். விட்டால் பலூன் சுருங்கும், அது வெளிச்சுவாசம். குறிப்பு அத்துடன் முடிந்துவிடும்.

இந்தக் குறிப்பைத்தான் இங்கே எடை போட விரும்புகிறேன். மாதிரியைச் செய்வது எளிது என்பதால் அது எதை நிரூபிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பலூன் உப்பிவிட்டால் பரிசு, உப்பாவிட்டால் எம்-சீல் தேடி ஓட்டம். பலூன் உப்பினாலும் குறிப்பு தவறாக இருக்கலாம். பெரும்பாலான பள்ளிகளில் அது தவறாகத்தான் இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில்.

முதலில் மாதிரியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்த விளையாட்டுச் சாமான் அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் மேயோ துருத்தி ஒன்றுக்குள் ஒரு சவ்வுப் பையை வைத்து, துருத்தியை விரித்தால் பை தானே நிறைவதைக் காட்டி எழுதினார். 1674இல் வெளியான அவருடைய நூலில் அந்த விளக்கம் இருக்கிறது. காற்று உள்ளே போவதால் மார்பு விரிவதில்லை, மார்பு விரிவதால்தான் காற்று உள்ளே போகிறது என்பதே அவருடைய வாதம். இன்றைக்கும் எட்டாம் வகுப்பு மாணவனை மூச்சை இழுக்கச் சொல்லி, முதலில் நடந்தது எது என்று கேட்டால், காற்று போய் நெஞ்சைத் தூக்கியது என்றுதான் சொல்வான். பாட்டில் மாதிரி இந்த ஒரு எண்ணத்தை மிக அழகாகத் திருத்துகிறது. பலூனுக்குள் யாரும் ஊதவில்லை. பலூனை யாரும் தொடக்கூட இல்லை. பாட்டிலின் கொள்ளளவு மட்டும்தான் மாறியது, பலூன் நிறைந்துவிட்டது.

ஏன் நிறைகிறது என்பதையும் கணக்குப் போட்டே காட்டலாம். இரண்டு லிட்டர் பாட்டிலை வெட்டிய பிறகு பலூனைச் சுற்றி ஏறத்தாழ 1,000 மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரப்பரை இழுத்தால் இன்னும் 100 மில்லிலிட்டர் இடம் கூடுகிறது. குழாயை விரலால் அடைத்துவிட்டு இழுத்தால் அதே காற்று 1,100 மில்லிலிட்டரில் பரவ வேண்டும். வளிமண்டல அழுத்தம் சுமார் 1,033 செ.மீ. உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். பாயில் விதிப்படி அது பதினொன்றில் பத்துப் பங்காகக் குறைந்து 939 ஆகிறது. அதாவது 94 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமமான இழுவிசை. விரலை வைத்தவன் அதை உணர்வான். விரல் குழாயில் ஒட்டிக்கொள்ளும், ரப்பர் கையை மேலே இழுக்கும். விரலை எடுத்த கணம் வெளிக்காற்று புகுந்து பலூன் விரிந்துவிடும். நம் உடம்பில் சாதாரணமாக மூச்சு இழுக்கும்போது நுரையீரல் அறைகளில் அழுத்தம் ஏறத்தாழ 1 செ.மீ. நீர் அளவுதான் குறைகிறது, அதற்கே அரை லிட்டர் காற்று வந்துவிடுகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாலே சார்ட்டின் மதிப்பு கூடிவிடும்.

சோதனையைத் தொடங்கும் முன் கசிவு பார்க்க வேண்டும். இதே விரல் வழிதான் அதற்கும். குழாயை அடைத்து, ரப்பரை இழுத்துப் பிடித்து, மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, விரலை எடுக்காமலே ரப்பரை விடவேண்டும். பழைய இடத்துக்கு வந்து நின்றால் கசிவில்லை. வெளிப்பக்கம் கொஞ்சம் புடைத்து நின்றால் இழுத்த நேரத்தில் எங்கிருந்தோ காற்று உள்ளே நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் மூடித் துளையில்தான் ஓட்டை இருக்கும். ஸ்ட்ராவில் நூல் சுற்றிக் கட்டினால் ஸ்ட்ரா நசுங்கி வழி அடைபடும் என்பதால் பால்பாயின்ட் பேனாவின் உடலை வெட்டிப் பயன்படுத்துவது நல்ல யோசனை. ஆனால் சில பேனாக்களின் பக்கவாட்டில் ஒரு பொடித்துளை இருக்கும். அது மூடிக்கும் பலூனுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தால், குழாயில் வரும் காற்று பலூனுக்குப் போகாமல் பாட்டிலுக்குள் இறங்கிவிடும். எல்லா ஒட்டும் சரியாக இருந்தும் பலூன் அசையாமல் நின்ற மாதிரிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பாட்டிலும் கெட்டியாக இருக்க வேண்டும். மெல்லிய தண்ணீர் பாட்டிலில் செய்தால், ரப்பரை இழுக்கும்போது பாட்டிலின் பக்கங்கள் உள்வாங்கிவிடும். இழுத்த இடமெல்லாம் அங்கேயே செலவாகி, பலூனுக்கு ஒன்றும் வராது. மாணவர்கள் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேடுவார்கள். அந்தத் தோல்வியைக் குறிப்பில் எழுதியிருந்தால் நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். கைக்குழந்தையின் விலா எலும்புகள் மென்மையானவை. நிமோனியாவில் நுரையீரல் விறைத்துப்போய், குழந்தை சிரமப்பட்டு இழுக்கும்போது, நெஞ்சின் கீழ்ப்பகுதி வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே குழி விழும். கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு இருமல் வந்த குழந்தையிடம் கவனிக்கச் சொல்லித் தரும் முக்கிய அடையாளங்களில் அதுவும் ஒன்று. உள்வாங்கிய பாட்டில் காட்டியதும் அதையேதான்.

இனி குறை. ஏழாம் வகுப்புக்கு என்.சி.இ.ஆர்.டி. 2007இல் கொண்டுவந்த அறிவியல் புத்தகத்தின் சுவாசப் பாடத்தில் இந்தச் செயல்பாடு இருக்கிறது. அகன்ற பாட்டில், இரு கிளைக் குழாய், இரண்டு பலூன், அடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தாள். தாளைக் கீழே இழுத்துப் பார், பிறகு மேலே தள்ளிப் பார் என்கிறது புத்தகம். பலூன் எதைக் குறிக்கிறது, ரப்பர் எதைக் குறிக்கிறது என்று கேட்டு முடிக்கிறது. நம் பள்ளிச் சார்ட்டுகளின் வடிவமும் இதுதான்: எது எதைக் குறிக்கிறது என்ற ஒரு பட்டியல்.

பட்டியலில் வராத கேள்வி ஒன்று உண்டு. ஒரு கண்காட்சியில் மாதிரியை இயக்கிக் காட்டிய மாணவியிடம் கேட்டேன்.

“கீழ இழுக்கறது உன் கை. மேல கொண்டு போறது யாரு கண்ணு?”

“கைய விட்டாத் தானா மேல போயிருதுங்க சார். ரப்பரு இழுத்துக்குதுங்க.”

“அப்ப நம்ம உடம்புலயும் உதரவிதானம் ரப்பராட்ட இழுபட்டு, அப்புறம் சுருங்குதா?”

“ஆமாங்க சார்.”

அவள் கண்ணால் பார்த்ததைச் சரியாகத்தான் சொன்னாள். மாதிரிதான் அவளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருந்தது. உதரவிதானம் ஒரு தசை. மூச்சை இழுக்கும்போது அது இழுபட்டு நீளுவதில்லை, சுருங்குகிறது. சுருங்குவதால்தான் கீழே இறங்குகிறது. ஓய்வில் அது தட்டையாக இருப்பதும் இல்லை. மார்புக்குள் மேல்நோக்கிக் குவிந்த குடை வடிவில் நிற்கும். சுருங்கும்போது அந்தக் குவிவு தணிந்து தட்டையை நோக்கி வரும். பள்ளி மாதிரியில் ரப்பர் ஓய்வில் தட்டை, இழுக்கும்போது கீழ்நோக்கிக் குழிவு. தொடங்கும் இடமும் வேறு, முடியும் இடமும் வேறு.

அதைவிடப் பெரிய பிழை வெளிச்சுவாசத்தில் இருக்கிறது. அமைதியாக மூச்சு விடும்போது நமக்கு எந்தத் தசையும் வேலை செய்ய வேண்டியதில்லை. உதரவிதானம் தளர்ந்தால் போதும். இழுபட்டு விரிந்திருந்த நுரையீரல் தன் சொந்த இழுவிசையால் சுருங்கி, காற்றை வெளியேற்றி, உதரவிதானத்தையும் மேலே தூக்கிக்கொண்டு போகிறது. ஆக, மேலே இழுப்பது நுரையீரல். பாட்டிலில் மேலே போவது ரப்பரின் இழுவிசையால். பலூனோ தொய்ந்து கிடக்கிறது. காற்று வரும்போது அதன் மடிப்புகள் விரிகின்றனவே தவிர ரப்பர் இழுபடுவதில்லை. இழுபடாத பலூனுக்குச் சுருங்கும் விசை எங்கிருந்து வரும்? நுரையீரலின் மிக முக்கியமான குணத்தை எடுத்து, அது இல்லாத உதரவிதானத்தின் தலையில் கட்டிவிட்டது இந்த மாதிரி.

மேலே தள்ளிப் பார் என்ற புத்தகத்தின் கட்டளை இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. வயிற்றுத் தசைகள் இறுகிக் குடலையும் கல்லீரலையும் அழுத்த, அவை உதரவிதானத்தை மேலே தள்ளுவது உண்மையிலேயே நடப்பதுதான். ஆனால் இருமும்போதும், தும்மும்போதும், நாதஸ்வரம் ஊதும்போதும்தான் அது நடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் வெளிச்சுவாசத்துக்கு அதைக் காட்டினால் மூச்சு விடுவதே ஒரு வேலை என்ற எண்ணம் மாணவன் மனதில் தங்கிவிடும்.

மூன்றாவது ஒன்று, பலூனின் தொடக்க நிலை. மூச்சை விட்டு முடித்த பிறகும் வளர்ந்த ஆளின் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். எவ்வளவு முக்கி வெளியேற்றினாலும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே நிற்கும். பள்ளி மாதிரியிலோ ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் பலூன் காலியாகி வதங்கித் தொங்குகிறது. உயிரோடு இருக்கும் மனிதனுக்கு அப்படியொரு நிலை வந்தால் அதற்குப் பெயர் நோய்.

இப்படிச் சொல்லி மாதிரியை நிராகரித்துவிடலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். எந்த மாதிரியிலும் குறை இருக்கும் என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காரணம், இந்த மூன்று குறையும் பாட்டிலின் குறை அல்ல, கட்டும் வரிசையின் குறை. அதே பாட்டில், அதே பலூன், அதே ரப்பர்த் தாள். கட்டும் முறையில் ஒரே ஒரு படியை மாற்றினால் மூன்றும் ஒருசேரச் சரியாகின்றன.

வழக்கமான வரிசையில் தொய்ந்த பலூனை உள்ளே தொங்கவிட்டு, அடியில் ரப்பரைக் கட்டி முடிப்பார்கள். மாற்று வரிசையில் அடிப்பக்கம் திறந்திருக்கும்போதே, குழாய் வழியாக ஊதி உள்ளிருக்கும் பலூனை ஒரு நல்ல ஆரஞ்சுப்பழ அளவுக்கு உப்ப வைக்க வேண்டும். புதுப் பலூன் முரண்டு பிடிக்கும் என்பதால் அதை முன்கூட்டியே சில தடவை ஊதி விட்டுப் பழக்கியிருக்க வேண்டும். ஊதியதும் குழாயின் வெளி நுனியை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அடிவாயில் ரப்பர்த் தாளை இழுத்துக் கட்டி, விளிம்பைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டும். இந்தத் தாளுக்குப் பெரிய பலூன் ஒன்றின் வாயை முடிச்சுப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்தால், அந்த முடிச்சே இழுப்பதற்குக் கைப்பிடியாகிவிடும். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு விரலை எடுக்க வேண்டும்.

விரலை எடுத்ததும் நடப்பதை நெருங்கி நின்று பார்க்க வேண்டும். பலூன் சுருங்கத் தொடங்கும், ஆனால் முழுதாகச் சுருங்க முடியாது. அது சுருங்கச் சுருங்க, பாட்டிலில் அடைபட்ட காற்றுக்கு இடம் கூடி அதன் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு அடியில் கட்டிய ரப்பரை உள்ளே இழுக்கிறது. தாள் மேல்நோக்கிக் குவிந்து ஒரு குடையாக நிற்கும். ஓரளவில் இரண்டு இழுவிசையும் சமமாகி அப்படியே நின்றுவிடும். பலூன் பாதி உப்பிய நிலை, ரப்பர் குவிந்த நிலை, குழாய் திறந்த நிலை. உடம்பில் மூச்சு விட்டு முடித்த கணத்தின் படம் இதுதான். உள்ளே எஞ்சிய காற்று, குவிந்த உதரவிதானம், நுரையீரலைச் சுற்றி வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் எல்லாம் இதில் இருக்கின்றன.

இப்போது முடிச்சைப் பிடித்து, ரப்பர் தட்டையாகும் வரை மட்டும் இழுக்க வேண்டும். அதற்குக் கீழே இழுக்கக் கூடாது என்பது இந்த முறையின் உயிரான நிபந்தனை. பலூன் பெரிதாகிறது. கையை விட்டால் ரப்பர் மீண்டும் குவிந்து மேலே போகிறது. மாணவியிடம் கேட்ட கேள்வியை இங்கே திரும்பக் கேட்கலாம். மேலே கொண்டுபோனது யார்? ரப்பர்த் தாளின் சொந்த விருப்பம் தட்டையாக இருப்பது. தட்டையாக இருக்கும் தாளைக் குவிக்க அதற்கே விசை கிடையாது. இழுபட்டு விரிந்த பலூன் சுருங்கும்போதுதான் தாளை மேலே தூக்கிக்கொண்டு போகிறது. நம் உடம்பில் நடப்பதும் இதேதான்.

இதைச் சும்மா சொன்னால் நம்ப வேண்டியதில்லை, அளந்து காட்டலாம். பாட்டிலின் பக்கத்தில் ஒரு துளையிட்டு, புதிய டிரிப்ஸ் டியூபின் ஒரு நுனியைச் செருகி எம்-சீல் வைக்க வேண்டும். மறுபாதியை ஓர் அட்டையில் ‘ப’வைப்போல வளைத்து ஒட்டி, மை கலந்த தண்ணீரைப் பாதி அளவுக்கு ஊற்ற வேண்டும். இரு பக்கமும் நாற்பது செ.மீ. உயரம் இருந்தால் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறிவிடாது. கட்டும் வேலை நடக்கும்போது இரு பக்கமும் தண்ணீர் சமமாக நிற்கும். விரலை எடுத்த கணம் பாட்டில் பக்கத்துத் தண்ணீர் ஏறும். ரப்பரை இன்னும் யாரும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலூனின் முரட்டுத்தனத்தைப் பொறுத்து இரு மட்டத்துக்கும் பதினைந்து, இருபது செ.மீ. வித்தியாசம் வரலாம். மனிதனுக்கு மூச்சு விட்டு முடித்த நிலையில் நுரையீரலைச் சுற்றி ஏறத்தாழ 5 செ.மீ. குறைவு இருக்கிறது, மூச்சு இழுக்கும்போது அது 8 அளவுக்குப் போகிறது. எண்கள் பொருந்தவில்லை, பொருந்த வேண்டியதும் இல்லை. ஓய்விலேயே ஒரு குறைவு இருக்கிறது என்பதும், இழுக்கும்போது அது கூடுகிறது என்பதும் பொருந்துகின்றன. வழக்கமான முறையில் கட்டிய பாட்டிலில் இதே டியூபைச் செருகிப் பார்த்தால் ஓய்வில் தண்ணீர் அசையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாதத்துக்கே இடமில்லை.

அதே துளை இன்னொன்றுக்கும் பயன்படும். டியூபைப் பிடுங்கிவிட்டால் வெளிக்காற்று பாட்டிலுக்குள் நுழையும், பலூன் உடனே வதங்கும், குவிந்த ரப்பர் தட்டையாகிவிடும். இனி ரப்பரை எவ்வளவு இழுத்தாலும் காற்று துளை வழியாகவே வந்து போகும், பலூன் ஏறக்குறைய சும்மா கிடக்கும். விபத்தில் விலா எலும்பு குத்தியோ, நுரையீரலின் மேற்பரப்பில் ஓர் ஓட்டை விழுந்தோ, மார்புக்குள் காற்று புகுந்தவர்களுக்கு நேர்வது இதுதான். மருத்துவர்கள் நியூமோதோராக்ஸ் என்பார்கள். காற்று அதிகமாகப் புகுந்திருந்தால், பக்கவாட்டில் குழாய் போட்டு அதை வெளியே எடுத்தால்தான் நுரையீரல் மறுபடி விரியும். ரப்பர் தட்டையானதையும் குறிப்பில் எழுத வேண்டும். பலூனின் இழுவிசை போனதும் குவிவும் போயிற்று என்பது, மேலே இழுத்தது பலூன்தான் என்பதற்கு இரண்டாவது சாட்சி.

மாற்று முறையில் கட்டினாலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. பலூனைச் சுற்றி ஒரு லிட்டர் காற்று. உடம்பில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்றே கிடையாது. இரண்டு மெல்லிய சவ்வுகளும், அவற்றின் இடையில் சில மில்லிலிட்டர் திரவமும்தான். இந்தக் குறையைச் சிலர் மிகைப்படுத்துகிறார்கள். அழுத்தம் 20 செ.மீ. குறைந்தால் ஒரு லிட்டர் காற்று விரிவது இருபது மில்லிலிட்டர் அளவுக்குத்தான். நூறு மில்லிலிட்டர் இழுத்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் நட்டம், மீதி பலூனுக்குப் போய்விடுகிறது. இயக்கம் கெடவில்லை. கெடுவது பொருள்தான். “பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மார்பறைக் காற்று” என்று சார்ட்டில் எழுதிவிட்டால், சற்றுமுன் நோய் என்று காட்டியதை இயல்பு என்று சொல்லிவிடுகிறோம். அந்த இடத்தில் “உடம்பில் இங்கே காற்று இல்லை, மெல்லிய திரவப் படலம் மட்டும்” என்று எழுதியே ஆக வேண்டும்.

இரண்டு பலூன் வைப்பதைப் பற்றியும் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. நுரையீரல் இரண்டு, அதனால் பலூனும் இரண்டு என்பது பார்வைக்கு நியாயம். ஆனால் பலூனுக்கு ஒரு குணம் உண்டு. ஊதத் தொடங்கும்போதுதான் அது கடினம், கொஞ்சம் விரிந்துவிட்டால் எளிது. இரண்டைச் சேர்த்து உப்ப வைத்தால் முதலில் இளகியது பெருத்துக்கொண்டே போகும், மற்றது அப்படியே நிற்கும். வழக்கமான தொய்ந்த பலூனில் இது தெரியாது. மாற்று முறையில் பளிச்சென்று தெரிந்துவிடும். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் சிறியதும் பெரியதுமாகச் சேர்ந்தே விரிகின்றன என்றால், அவற்றின் உட்பரப்பில் இருக்கும் சோப்பு போன்ற ஒரு பொருள் நீர்ப்படலத்தின் இழுவிசையைத் தணிப்பது ஒரு பெரிய காரணம். குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பொருள் போதாமல் மூச்சுத்திணறல் வருகிறது என்பதை மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். அதைப் பலூனால் காட்ட முடியாது. பள்ளி அளவுக்கு ஒரு பலூனே போதும் என்பது என் முடிவு. உடலமைப்பைக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு படம் வரைந்துவிடலாம். இரண்டு ஒத்த பலூன்கள் அந்த வேலையையும் செய்வதில்லை. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு, இடது பக்கம் இதயத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

குழாயில் ஊதி பலூனை உப்ப வைத்துக் காட்டுவதும் சில மேசைகளில் நடக்கிறது. அது சுவாசம் அல்ல, வெண்டிலேட்டர். உள்ளே அழுத்தித் தள்ளுவதும் வெளியே இடம் விட்டு இழுப்பதும் எதிரெதிர் வழிகள். 1928இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் போலியோவால் மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்காக ஒரு பெட்டி செய்தார்கள். தலை மட்டும் வெளியே இருக்க, உடம்பு முழுவதும் பெட்டிக்குள். பெட்டியின் அழுத்தத்தை இயந்திரம் குறைக்கக் குறைக்க நோயாளியின் மார்பு விரிந்தது. நம் பாட்டிலின் நேரடிப் பங்காளி அதுதான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி அந்தப் பெட்டிகள் போதாமல் போனபோது, தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்குக் காற்றூட்டினார்கள். இன்றைய வெண்டிலேட்டர் அந்த வழியில் வந்தது. ஊதிக் காட்டுபவர்கள் இதை எழுதிக் காட்டினால் சரி, மூச்சு என்று எழுதினால் தவறு.

சோமனூரில் இந்த மாதிரியை வைத்தால் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். தறிக்கூடத்திலும் மில்லிலும் வேலை பார்ப்பவர்கள் பஞ்சுத் தூசியைப் பற்றிக் கேட்பார்கள். மாணவர்கள் பலூனுக்குள் பஞ்சைத் திணித்துக் காட்ட முயல்வார்கள். அது வேண்டாம். பஞ்சுத் தூசியால் வரும் பிஸ்ஸினோசிஸ் நோயில் பஞ்சு போய் நுரையீரலை நிரப்புவதில்லை. தூசிக்கு எதிர்வினையாகச் சிறு மூச்சுக்குழாய்கள் குறுகுகின்றன. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் நோயின் படிநிலைகளை வகுத்ததும் இந்த முதல் நாள் இறுக்கத்தை வைத்துத்தான். பஞ்சை உடைத்துச் சிக்கெடுக்கும் புளோ ரூம், கார்டிங் பகுதிகளில் ஆபத்து அதிகம், காடா துணி நெய்யும் தறிக்கூடத்தில் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருள் அல்ல.

குறுகலைப் பாட்டிலில் காட்டலாம். குழாயின் வாயை எம்-சீலால் அடைத்து, இறுகும் முன் மெல்லிய ஊசியால் ஒரு துளை போட வேண்டும். சாதாரணக் குழாயில் கையோடு சேர்ந்தே பலூன் விரியும். ஊசித்துளையில் கை முன்னே போய்விடும், பலூன் பின்னால் வரும். இழுத்த நிலையிலேயே பொறுமையாகப் பிடித்திருந்தால் பலூன் கடைசியில் அதே அளவுக்கு வந்துவிடும். வேகமாக இழுத்து வேகமாக விட்டால் பாதிகூட வராது. ஆக, குறுகல் முதலில் பறிப்பது காற்றின் அளவை அல்ல, நேரத்தை. உட்கார்ந்திருக்கும்போது தெரியாத இளைப்பு, மாடிப்படி ஏறும்போது தெரிவது அதனால்தான். இந்த இடத்தில் மாதிரி நம்பத்தக்கது. ஆனால் இந்த நோயில் மூச்சை விடும்போதுதான் சிரமம் அதிகம். மூச்சுக்குழாய்கள் மார்புக்குள்ளேயே இருப்பதால் வெளிச்சுவாசத்தில் அவை இன்னும் நெருக்கப்படுகின்றன. பாட்டிலின் குழாய் கெட்டிப் பிளாஸ்டிக், அதன் குறுகிய வாயும் மூடிக்கு வெளியே இருக்கிறது. அது நெருக்கப்படாது. இந்த வரி குறிப்பில் இல்லையென்றால் மாணவன் பாதி உண்மையோடு வீட்டுக்குப் போவான்.

என் தீர்ப்பு இது. தொய்ந்த பலூனும் தட்டை ரப்பருமாகக் கட்டி, நான்கு வரிப் பட்டியலோடு வைத்த மாதிரி, மார்பு விரிவதால் காற்று வருகிறது என்ற ஒரு உண்மையை மட்டும் நிறுவுகிறது. அதற்கு மேல் அது சொல்வதை ஏற்க முடியாது. வெளிச்சுவாசத்தைப் பற்றி அது சொல்வது பொய். பலூனை முதலில் ஊதி, பிறகு அடைத்து, தட்டை வரை மட்டும் இழுத்து, பக்கத்தில் தண்ணீர் டியூபோடு வைத்த மாதிரியை உட்சுவாசம், வெளிச்சுவாசம் இரண்டுக்கும் சான்றாக ஏற்கிறேன். விலாக்களின் அசைவு, நுண்ணறைகள், வாயுப் பரிமாற்றம் ஆகியவற்றுக்கு இரண்டுமே சான்று அல்ல. ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பதைப் பலூன் காட்டுகிறது என்று எழுதிய சார்ட்டைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். நம் நுரையீரலின் உட்பரப்பை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும், பலூனோ வெறும் பை.

சார்ட்டில் ரப்பருக்கு நேராக எழுத வேண்டியதை மன்றத்து மாணவர்களிடம் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: “ரப்பர்த் தாள் உதரவிதானத்தின் இடத்தில் இருக்கிறது. கீழே இழுக்கும் கைதான் உதரவிதானத் தசையின் வேலையைச் செய்கிறது. கையை விட்டதும் தாளை மேலே இழுப்பது பலூன். பக்கத்துத் துளையைத் திறந்துவிட்டு இழுத்துப் பாருங்கள், தாள் தட்டை நிலையைத் தாண்டி மேலே போகாது.”